கட்டி முடித்த கடன், ரிப்போர்ட்டில் வாராக்கடன்: ஒரு டூ-வீலர் கடனின் பதிவைத் திருத்திய விவரம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் என் மைத்துனன் 2025 பிப்ரவரியில் திருநின்றவூரில் ஒரு ஃப்ளாட் வாங்க வீட்டுக்கடனுக்கு விண்ணப்பித்தான். சம்பளம் சரியாக இருந்தது, ஆவணங்களிலும் குறையில்லை. ஆனால் விண்ணப்பம் கிளையைத் தாண்டவில்லை. "ரிப்போர்ட்ல ஒரு ரைட்டன்-ஆஃப் நிக்குது சார். இதை வெச்சுக்கிட்டு மேல அனுப்பவே முடியாது" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அவனுடைய கிரெடிட் ரிப்போர்ட்டில் வாராக்கடன் என்று நின்றது, 2022-லேயே கட்டி முடித்த ஒரு டூ-வீலர் கடன்.

நான் ஒரு கூட்டுறவு வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன். எல்லோருடைய கடன் வரலாற்றையும் திரட்டி வைக்கும் கிரெடிட் பீரோவுக்குத் தகவல் அனுப்பும் பக்கத்திலிருந்து இந்த விஷயத்தைப் பார்த்திருக்கிறேன். இப்படிப்பட்ட புகார்கள் தோற்பதற்குப் பெரும்பாலும் ஆதாரமில்லாதது காரணமல்ல. எந்த வரி தவறு, அதை யார் திருத்த முடியும் என்று தெரியாமல் "என் சிபில் தப்பா இருக்கு" என்று பொதுவாக எழுதுவதுதான் காரணம். அதனால் இந்த ஒரு கணக்கை முழுவதுமாக எழுதுகிறேன்.

கடனின் விவரம் எளிது. மாதத் தவணை ரூ.3,940. முதல் தவணை 2020 அக்டோபர் 5, இருபத்து நான்காவதும் கடைசியுமான தவணை 2022 செப்டம்பர் 5. அந்தக் கடைசித் தவணைக்கு முன்னால் அவன் வேலை மாறியிருந்தான். சம்பளம் புதிய வங்கிக் கணக்குக்குப் போனது, ஆட்டோ டெபிட் பழைய கணக்கிலேயே இருந்தது. தவணை பவுன்ஸ் ஆனது. செப்டம்பர் 17-ஆம் தேதி கொளத்தூர் பக்கமிருந்த கிளைக்கு நேரில் போய், பவுன்ஸ் கட்டணம் ரூ.590-ஐயும் சேர்த்து ரூ.4,530-ஐ அங்கிருந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்து கட்டினான். ரசீது கொடுத்தார்கள். அக்டோபரில், கடன் தீர்ந்தது என்று சொல்லும் என்ஓசி வந்தது, அதை வைத்து ஆர்டிஓவில் ஆர்சி புத்தகத்தில் நிதி நிறுவனத்தின் பெயரையும் நீக்கியாயிற்று. வண்டி முழுக்க அவன் பெயருக்கு வந்தபிறகு அந்தக் கடனைப் பற்றி யோசிக்க அவனுக்கு எந்தக் காரணமும் இல்லை.

ரிப்போர்ட்டில் அந்தக் கணக்கு இருந்த விதம் இது. தேவையான வரிகளை மட்டும் தருகிறேன்:

```
Date of Last Payment : 05-08-2022
Date Closed          : -
Amount Overdue       : 3,940
Written-off Amount   : 3,940

DPD
09-22 025   10-22 056   11-22 086
12-22 117   01-23 148   02-23 176
03-23 207
```

டிபிடி என்பது தவணைத் தேதி தாண்டி எத்தனை நாள் ஆயிற்று என்ற எண்ணிக்கை. இந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 25, 56, 86, 117 என்று ஏறும்போது ஒவ்வொரு படியும் சரியாக அந்த மாதத்தின் நாட்கள்: அக்டோபருக்கு 31, நவம்பருக்கு 30, டிசம்பருக்கு 31. பின்னோக்கிக் கணக்கிட்டால் எண்ணிக்கை தொடங்கிய நாள் செப்டம்பர் 5. பாக்கியாகக் காட்டும் தொகையும் கடைசிவரை ஒரே ஒரு தவணைதான். அதாவது நிதி நிறுவனத்தின் கணினியில் கடைசித் தவணை மட்டும் வரவு வைக்கப்படவில்லை. அதற்குப் பிறகு யாரும் அந்தக் கணக்கைத் தொடவில்லை, நாட்களை மட்டும் கணினி எண்ணிக்கொண்டே போனது. 2023 மார்ச்சில் நிதியாண்டு முடிவில் அதை வாராக்கடனாகத் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

இந்த எண்கள் அவன் கட்டினான் என்று நிரூபிக்காது. நிஜமாகவே கடைசித் தவணையைக் கட்டாமல் விட்டவரின் ரிப்போர்ட்டும் இப்படித்தான் இருக்கும். ஆனால் எங்கே தேட வேண்டும் என்பதை அது காட்டிவிடுகிறது. முழுக்கடனையும் கட்டியதற்கு ஆதாரம் திரட்ட வேண்டியதில்லை. செப்டம்பர் 5-க்குப் பிறகு போன ஒரு பணம் எங்கே போயிற்று என்று கேட்டால் போதும்.

முதலில் பீரோவின் இணையதளத்திலேயே டிஸ்ப்யூட் போட்டோம். கணக்கைத் தேர்ந்தெடுத்து, பாக்கித் தொகை தவறு, தள்ளுபடித் தொகை தவறு என்று குறித்து அனுப்பினோம். சில நாளில் அந்தப் பதிவின் மேல் சர்ச்சையில் உள்ளது என்ற குறிப்பு வந்தது. மாதக் கடைசியில் பதிலும் வந்தது: கடன் கொடுத்த நிறுவனம் தன் விவரம் சரியே என்று உறுதி செய்துள்ளது, மாற்றம் எதுவும் இல்லை.

இது பலரை ஆத்திரப்படுத்தும் இடம். மைத்துனனுக்கும் கோபம். "என்ஓசி கையில இருக்கு மாமா, அதைக்கூட கேக்கல அவங்க" என்றான். கேட்க மாட்டார்கள்தான். 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டப்படி, கடன் கொடுத்தவர் உறுதி செய்யாமல் பீரோ ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. டிஸ்ப்யூட் வந்தால் பீரோ அதை நிதி நிறுவனத்துக்கு அனுப்பும். அங்கே ஒரு ஊழியர் தன் கணினியைத் திறந்து பார்ப்பார். தவறு இருப்பதே அந்தக் கணினியில்தான்! அதில் பாக்கி ரூ.3,940 என்று தெரியும்போது, விவரம் சரி என்றுதான் அவர் பதில் எழுதுவார். அவர் பொய் சொல்லவில்லை, தவறான பேரேட்டைச் சரியாகப் படிக்கிறார். எத்தனை முறை டிஸ்ப்யூட் போட்டாலும் அந்தப் பேரேடு மாறாதவரை அதே பதில்தான் வரும்.

ஆகவே அடுத்த கடிதம் நிதி நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்குப் போக வேண்டும். அந்த அதிகாரியின் பெயரையும் மின்னஞ்சலையும் தங்கள் இணையதளத்தில் போட்டிருப்பார்கள். கஸ்டமர் கேர் எண்ணில் பேசிக்கொண்டிருப்பதில் பயனில்லை, எழுத்தில் போக வேண்டும்.

எந்த ஆதாரத்தை முன்னால் வைப்பது என்பதில்தான் காரியம் இருக்கிறது. எல்லோரும் என்ஓசியை முதலில் நீட்டுவார்கள். அது முக்கியம்தான், கடன் தீர்ந்தது என்று அந்த நிறுவனமே கையெழுத்திட்டுச் சொன்ன காகிதம் அது. ஆனால் என்ஓசியைப் பார்த்து கணக்குப் பிரிவு ஆள் எதையும் வரவு வைக்க முடியாது. அவருக்குப் பணம் வேண்டும், அல்லது பணம் ஏற்கெனவே எங்கே கிடக்கிறது என்று தெரிய வேண்டும். அதைக் காட்டுவது வங்கி ஸ்டேட்மென்ட்டில் இருக்கும் யுபிஐ பரிவர்த்தனை எண். 12 இலக்கமுள்ள அந்த எண், தேதி, தொகை மூன்றும் இருந்தால், தங்கள் வங்கிக் கணக்கில் அன்றைக்கு வந்த ரூ.4,530 எந்தத் தலைப்பில் போய் உட்கார்ந்திருக்கிறது என்று அவர்களால் தேட முடியும். ஆப்பில் பழைய விவரம் கிடைக்காமல் போகலாம், வங்கியிடம் அந்த மாதத்து ஸ்டேட்மென்ட்டைக் கேட்டு வாங்குவதே நல்லது. ரொக்கமாகக் கட்டியிருந்தால் ரசீது எண்தான் அந்த வேலையைச் செய்யும். அந்த ரசீதைத் தொலைத்தவர்கள் படும் பாட்டை நான் வேலையில் இருந்தபோது நிறையப் பார்த்திருக்கிறேன்.

மார்ச் 4-ஆம் தேதி போன கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. அதன் சாரம் இதுதான்: "இந்த எண்ணுள்ள கடனின் 24-ஆவது தவணையும் பவுன்ஸ் கட்டணமும் 17-09-2022 அன்று கீழ்க்கண்ட யுபிஐ எண்ணில் செலுத்தப்பட்டன. அதன் பேரில் தாங்கள் என்ஓசி வழங்கியுள்ளீர்கள். ஆயினும் கணக்கு வாராக்கடனாகப் பீரோவுக்குத் தெரிவிக்கப்பட்டுள்ளது. இந்தத் தொகை உங்கள் ஏட்டில் எங்கு வரவு வைக்கப்பட்டது என்று தெரிவிக்கவும். முழு ஸ்டேட்மென்ட்டை அனுப்பவும். கணக்கு நிலையை முடிக்கப்பட்டது என்றும், முடிவுத் தேதியை 17-09-2022 என்றும், பாக்கியையும் தள்ளுபடித் தொகையையும் பூஜ்யம் என்றும் மாற்றி, 2022 செப்டம்பர் முதல் 2023 மார்ச் வரையிலான டிபிடி பதிவுகளைத் திருத்தி, நான்கு கடன் தகவல் நிறுவனங்களுக்கும் அனுப்பவும்." மேற்கண்ட சட்டத்தின் 21-ஆம் பிரிவைக் குறிப்பிட்டோம். திருத்தம் கேட்ட 30 நாளுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. கடைசியில் அவனுடைய வங்கிக் கணக்கு விவரமும் கொடுத்தோம், காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

நான்கு நிறுவனங்கள் என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் என்று இந்தியாவில் நான்கு பீரோக்கள். நிதி நிறுவனங்கள் நான்கிலும் உறுப்பினராக இருந்து தகவல் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஒரு பீரோவில் மட்டும் திருத்திவிட்டால், அடுத்த வங்கி வேறு பீரோவில் ரிப்போர்ட் எடுக்கும்போது பழைய கறை அப்படியே நிற்கும். வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் ஒவ்வொரு பீரோவும் இலவசமாகத் தர வேண்டும், நாங்கள் நான்கையும் எடுத்து வைத்துக்கொண்டோம்.

கடிதம் போன அடுத்த வாரம் ஒரு போன் வந்தது. குறைதீர் அதிகாரியிடமிருந்து அல்ல, வசூல் பிரிவிலிருந்து. இந்த முழு விவகாரத்திலும் அதிக ஆபத்தான கட்டம் இதுதான் என்று நினைக்கிறேன்.

"சார், மூவாயிரத்துச் சொச்சம்தானே? வீட்டு லோன் அவசரம்னு சொல்றீங்க. ஒரு ரெண்டாயிரம் கட்டிடுங்க, நாங்க க்ளோஸ் பண்ணிக் குடுத்துடறோம்" என்றார் அந்தப் பெண். மைத்துனன் கிட்டத்தட்ட சம்மதித்துவிட்டான். ஃப்ளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறான், நாள் ஓடுகிறது, இரண்டாயிரத்தில் தொல்லை தீர்கிறது என்றால் யாருக்குத்தான் மனம் போகாது? என்னைக் கூப்பிட்டுக் கேட்டான். "ஒரு ரூபாய்கூட கட்டாதே, எதுவா இருந்தாலும் மெயில்ல அனுப்பச் சொல்லு" என்றேன்.

ஏனென்றால், கட்டினால் மூன்று கெடுதல் நடக்கும். பாக்கியைவிடக் குறைவாகக் கட்டினால் அந்தக் கணக்கு முடிக்கப்பட்டது என்று பதிவாகாது, செட்டில்டு என்று பதிவாகும். முழுக்கடனையும் கட்டாமல் பேரம் பேசி முடித்தவர் என்று வங்கிகள் அதைப் படிக்கும். முழு ரூ.3,940-ஐயும் கட்டினாலும் முடிவுத் தேதி 2025 என்று விழும், நடுவிலிருக்கும் அத்தனை டிபிடியும் நிஜமாகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, 2022-ல் கட்டவில்லை என்று அவனே ஒப்புக்கொண்டதாக ஆகும். அதற்குப் பிறகு திருத்தச் சொல்லிக் கேட்க என்ன மிச்சமிருக்கும்? பொய்யான ஒரு பதிவை நம் பணத்தைக் கொடுத்தே மெய்யாக்குவது அது. வசூல் பிரிவில் இருப்பவர் கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவர் திரையில் ஒரு பாக்கி தெரிகிறது, அதை வசூலிப்பது அவர் வேலை. ஆனால் சென்னையில் எத்தனை பேர் வீட்டுக்கடன் அவசரத்தில் இப்படி இரண்டாம் முறை கட்டி, தங்கள் நல்ல பெயரைத் தாங்களே எழுதிக் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

பத்தாயிரம் கொடுத்தால் சிபில் பதிவை நீக்கித் தருகிறோம் என்று விளம்பரம் செய்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பதிவை நீக்கும் அதிகாரம் அவர்களுக்கு எங்கிருந்தும் வராது. நாம் இலவசமாகப் போடும் அதே டிஸ்ப்யூட்டை நம் பெயரில் அவர்கள் போடுவார்கள், அவ்வளவுதான்.

மார்ச் 27-ஆம் தேதி நிதி நிறுவனத்தின் பதில் வந்தது. கியூஆர் வழியாக வந்த ரூ.4,530 கடன் எண்ணோடு பொருத்தப்படாமல் சஸ்பென்ஸ் கணக்கில் இருந்ததாகவும், இப்போது சரிசெய்து கடனை முடித்துவிட்டதாகவும் எழுதியிருந்தார்கள். கிளை ஆட்கள் ரசீதைப் பார்த்துக் கையால் என்ஓசி கொடுத்திருக்கிறார்கள், கணினியில் பணம் சேரவே இல்லை. இப்போது அந்தக் கிளையும் மூடப்பட்டுவிட்டது.

இந்த இடத்தில் விஷயம் முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். புதிய ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தால், நிலை முடிக்கப்பட்டது, பாக்கி பூஜ்யம். ஆனால் முடிவுத் தேதி 2025 மார்ச். டிபிடி வரிசை 25-லிருந்து 207 வரை அப்படியே நின்றது. சஸ்பென்ஸில் கிடந்த பணத்தை அவர்கள் எடுத்து வரவு வைத்த நாளையே கடன் முடிந்த நாளாகக் கணினி எடுத்துக்கொண்டிருக்கிறது. பணம் வந்த நாளைத் தேதியாகக் கொடுத்துப் பின்தேதியிட்டு வரவு வைத்திருக்க வேண்டும். அப்படிச் செய்யாததால் ரிப்போர்ட் சொன்ன கதை: இந்த ஆள் இரண்டரை வருஷம் இழுத்தடித்துக் கட்டினார். வங்கிக்கு இது தள்ளுபடியைவிடச் சற்றுத் தேவலாம், அவ்வளவே.

திருத்தம் வந்ததும் நிலை என்ற ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்பவர்கள் அநேகம். முடிவுத் தேதியையும், அதற்குப் பின்வரும் மாதங்களில் ஏதாவது எண் மிஞ்சியிருக்கிறதா என்பதையும் கட்டாயம் பார்க்க வேண்டும். அதனால் மறுபடி எழுதினோம். இம்முறை வாதம் இன்னும் சுலபம். பணம் 17-09-2022 அன்றே தங்களிடம் வந்துவிட்டது என்று அவர்களே எழுத்தில் ஒப்புக்கொண்டாயிற்று. அப்படியானால் அந்த மாதக் கடைசியில் பாக்கி எதுவும் இல்லை. அப்போது மாதக் கடைசி நிலவரம்தான் பீரோவுக்குப் போனது, ஆகவே பன்னிரண்டு நாள் தாமதம் இருந்தாலும் 2022 செப்டம்பருக்கு எதிரே 000 வர வேண்டும், அதன் பிறகு வரிசையே இருக்கக் கூடாது. முதல் புகாரில் கேட்டதில் பாதிதான் செய்திருக்கிறீர்கள், ஆகவே அது தீர்க்கப்பட்டதாகாது என்றும் தெளிவாக எழுதினோம்.

ஏப்ரல் 3-ஆம் தேதியோடு முப்பது நாள் முடிந்தது. அதற்குப் பிறகு ரிசர்வ் வங்கியின் cms.rbi.org.in தளத்தில் அதன் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மேனுக்குப் புகார் போட்டோம். நிதி நிறுவனத்திடம் முதலில் எழுத்தில் கேட்டு, 30 நாளில் பதில் வராமலோ பதில் திருப்தியில்லாமலோ இருந்தால்தான் அங்கே போகலாம், நேராகப் போனால் ஏற்க மாட்டார்கள். மார்ச் 4-ஆம் தேதிக் கடிதம் இங்கேதான் உதவியது. சென்னையில் ராஜாஜி சாலையில் ரிசர்வ் வங்கி அலுவலகம் இருக்கிறதே என்று அங்கே மனுவோடு போக வேண்டியதில்லை. காகிதத்தில் அனுப்பும் புகார்களும் சண்டிகரில் உள்ள மையத்துக்குத்தான் போகும். ஆன்லைனில் போட்டால் அப்போதே எண் கிடைக்கும்.

ஏப்ரல் 19-ஆம் தேதி முழுத் திருத்தம் வந்தது. முடிவுத் தேதி 17-09-2022, செப்டம்பருக்கு 000, அதற்குப் பின் எதுவுமில்லை. 2025 ஜனவரி முதல் நிதி நிறுவனங்கள் மாதம் இருமுறை தகவல் அனுப்ப வேண்டும் என்று விதி வந்திருந்ததால், திருத்தம் ரிப்போர்ட்டில் ஏற முன்போல் நீண்ட காத்திருப்பு இருக்கவில்லை. 598-ஆக இருந்த ஸ்கோர் 741 ஆனது.

வங்கிக் கணக்கு விவரம் கொடுத்த காரணம் இப்போது வருகிறது. 2024 ஏப்ரல் 26 முதல் நடைமுறையில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதிப்படி, திருத்தப் புகார் 30 நாளில் தீரவில்லை என்றால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 நஷ்டஈடு. திருத்திய தகவலை அனுப்ப நிதி நிறுவனத்துக்கு 21 நாள். அதைத் தவறவிட்டால் நிதி நிறுவனம் தர வேண்டும். நிதி நிறுவனம் நேரத்தில் அனுப்பியும் பீரோ தாமதித்தால் பீரோ தர வேண்டும். எங்கள் விஷயத்தில் ஏப்ரல் 3-லிருந்து 19 வரை 16 நாள், ரூ.1,600. மார்ச் 27-லேயே தீர்த்துவிட்டோம் என்று நிறுவனம் முதலில் மறுத்தது. பாதித் திருத்தத்தைக் காட்டும் ரிப்போர்ட்டை ஒம்புட்ஸ்மேன் புகாரோடு இணைத்திருந்ததால் அந்த வாதம் நிற்கவில்லை, பணம் வந்தது. தொகை சின்னதுதான். ஆனால் புகார் எந்த நாளில் நிஜமாகத் தீர்ந்தது என்பதை அது எழுத்தில் பதிவாக்குகிறது.

திருத்த முடியாத ஒன்றும் இருந்தது. 2021 மே மாதத்துக்கு எதிரே 026 என்று ஒரு பதிவு. அந்த மாதம் முழு ஊரடங்கு, பட்டறை மூடியிருந்தது, மே தவணையை ஜூனில்தான் கட்டினான். "எல்லாத்தையும் திருத்தறாங்க, இதையும் சேர்த்துக் கேளுங்க மாமா" என்றான். கேட்கவில்லை. அது உண்மை. உண்மையான ஒரு பதிவையும் தவறு என்று புகாரில் சேர்த்தால் மற்ற கோரிக்கையின் மீதும் சந்தேகம் வரும். வீட்டுக்கடன் மேனேஜரிடம் அந்த ஒரு வரியைப் பற்றி நாங்களே சொல்லி, காரணத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். அதை அவர் ஃபைலில் வைத்துக்கொண்டார், வேறு கேள்வி கேட்கவில்லை.

நான்கு பீரோக்களில் மூன்றில் திருத்தம் தானாக ஏறியது. நான்காவதில் மே மாதம் பார்த்தபோதும் பழைய தள்ளுபடி நின்றது. இம்முறை அந்தப் பீரோவில் போட்ட டிஸ்ப்யூட்டில் நிதி நிறுவனத்தின் கடித எண்ணையும் தேதியையும் எழுதினோம். நிதி நிறுவனத்தின் கணினி இப்போது சரியாக இருந்ததால், முதலில் மறுக்கப்பட்ட அதே வழியில் இந்தத் திருத்தம் ஏற்கப்பட்டது.